முதல் நாள் சீனியருக்கு வணக்கம் சொல்வது எப்படி: இராமநாதபுரம் கடற்கரைக் கல்லூரிகளில் சேரும் முதலாமாண்டு மாணவர்களுக்கு முழு வழிகாட்டி

முதல் நாள் சீனியர்கள் கண்ணில் படாமல் ஓரமாகப் போய்விடலாம் என்று நினைக்கும் பிள்ளைகள்தான் பெரும்பாலும் முதலில் கூப்பிடப்படுகிறார்கள். தலையைக் குனிந்து வேகமாக நடப்பவரைத் தூரத்திலிருந்தே அடையாளம் தெரிந்துவிடும். கூப்பிட்ட பிறகு போய் நிற்பவருக்கு, எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் பேசுவது, எப்போது கிளம்புவது என்ற மூன்றுமே சீனியர் கைக்குப் போய்விடுகின்றன.

நீங்களே முந்திக்கொண்டு, நாலு பேர் பார்க்கிற இடத்தில், சுருக்கமாக வணக்கம் சொல்லி, ஒரு விஷயம் கேட்டுவிட்டு, நீங்களே விடைபெற்றுக் கிளம்பினால் அந்த மூன்றும் உங்களிடமே இருக்கும். நட்பும் இதில்தான் தொடங்குகிறது, பாதுகாப்பும் இதில்தான் இருக்கிறது. மண்டபம், உச்சிப்புளி, கீழக்கரை, தொண்டி, தேவிபட்டினம் என்று எங்கிருந்து வந்து எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் கீழே உள்ள வரிசை பொருந்தும்.

1. முந்தின நாள் ராத்திரி எடுத்து வைக்க வேண்டியவை

சேர்க்கையின்போதே ராகிங் எதிர்ப்பு உறுதிமொழி கேட்டிருப்பார்கள். மாணவர் ஒன்று, பெற்றோர் ஒன்று என ஒவ்வொரு கல்வியாண்டும் கொடுக்க வேண்டும். antiragging.in தளத்தில் நிரப்பினால் ஒரு பதிவு எண் மின்னஞ்சலில் வரும். அதைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிரவுசிங் சென்டரில் நிரப்பியவர்கள் கடைக்காரரின் மின்னஞ்சலைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவது வழக்கமாக நடக்கிற தவறு. அந்த எண் உங்கள் கைக்கு வரவில்லை என்றால் இன்றே போய் வாங்கி வாருங்கள்.

ஒரு சின்னத் தாளில் நான்கு எண்களைப் பேனாவால் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். வீட்டு எண், துறைத் தலைவர் அல்லது வகுப்பு ஆசிரியர் எண், விடுதியில் தங்குபவர் என்றால் வார்டன் எண், நான்காவதாக 1800-180-5522. இந்த நான்காவது எண் தேசிய ராகிங் எதிர்ப்பு உதவி எண். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை. போனில் சேமித்தால் போதாதா என்று கேட்கலாம். சிக்கல் வருகிற நேரத்தில் முதலில் கைமாறுவது போன்தான். அதனால்தான் தாள்.

பணம் அதிகம் வேண்டாம். போக வரப் பஸ் காசு, சாப்பாட்டுக் காசு, அதற்கு மேல் ஒரு நூறு ரூபாய் இருந்தால் போதும். கட்டணம் கட்டும் பணத்தை முதல் நாள் கையில் கொண்டுபோகாமல், எங்கே எப்போது கட்டுவது என்று அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு மறுநாள் கொண்டுபோங்கள்.

2. கையிலும் போனிலும் இருந்து எடுத்துவிட வேண்டியவை

இந்த மாவட்டத்தில் இதைத் தனித் தலைப்பாகச் சொல்லியே ஆக வேண்டும். மணிக்கட்டில் கட்டும் வண்ணக் கயிறு, போன் கவரில் ஒட்டிய தலைவர் படம், வாட்ஸாப் முகப்புப் படம், ரிங்டோன் ஆகிய நான்கையும் பார்த்தே ஒருவர் எந்தச் சமூகம் என்று கணக்குப் போடுபவர்கள் உண்டு. நீங்கள் கோயிலில் கட்டிய கயிறாகவே இருக்கலாம். எதிரே நிற்பவருக்கு அதன் நிறம்தான் தெரியும்.

முதல் நாளே ஒரு கூட்டம் உங்களை "நம்மாளு" என்று அணைத்துக்கொண்டால், அன்றே இன்னொரு கூட்டத்துக்கு நீங்கள் வேற்றாள் ஆகிவிடுகிறீர்கள். யார் பகையென்றே தெரியாமல் ஒரு பகைக்குள் போய் நிற்க நேரும். கயிற்றைக் கழற்றி வீட்டில் வையுங்கள், ரிங்டோனைச் சாதாரண மணியோசைக்கு மாற்றுங்கள். தொழுகைத் தொப்பி, நெற்றித் திருநீறு, சிலுவை போன்ற வழிபாட்டு அடையாளங்களைப் பற்றி இங்கே சொல்லவில்லை. அவை உங்கள் வழக்கம், அப்படியே இருக்கட்டும்.

3. பஸ்ஸிலேயே தொடங்கிவிடுகிறது

கல்லூரி கேட்டில்தான் சீனியரைப் பார்ப்போம் என்று நினைத்துக் கிளம்புகிறார்கள். இராமேசுவரம் ரோட்டிலும் கீழக்கரை ரோட்டிலும் காலை எட்டு மணி வாக்கில் ஓடும் பஸ்களில் பாதிப் பேர் மாணவர்கள்தான். முதல் சந்திப்பு அங்கேயே நடந்துவிடும்.

முன்பக்கமாக அல்லது நடுவில், கண்டக்டர் பார்வைக்குள் நில்லுங்கள். கடைசி சீட் வரிசை பல பஸ்களில் சீனியர்கள் தங்களுக்கென்று வைத்துக்கொண்ட இடம். இடம் காலியாக இருக்கிறது என்று முதல் நாள் அங்கே போய் உட்காருவது, வம்பை இழுப்பதற்கென்றே வந்தவர் செய்வதுபோல் ஆகிவிடும். படிக்கட்டில் தொங்கச் சொன்னால், "இல்லண்ணே, எனக்குப் பயம், உள்ளயே நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளேயே நில்லுங்கள். பயம் என்று சொல்வதில் குறைச்சல் எதுவும் இல்லை. அதற்கு மேல் வற்புறுத்த ஆளுக்குக் காரணம் கிடைக்காது.

பஸ்ஸில் நடந்தது கல்லூரிக்கு வெளியே நடந்தது, அதனால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று எண்ண வேண்டாம். பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசியின் 2009 ராகிங் எதிர்ப்பு ஒழுங்குமுறை, கல்லூரி வளாகத்துக்கு உள்ளேயும் வெளியேயும், மாணவர்கள் போகும் வண்டி அரசுடையதாக இருந்தாலும் தனியாருடையதாக இருந்தாலும் பொருந்தும்.

4. கேட்டுக்குள் நுழைந்ததும் முதலில் துறை, பிறகுதான் சீனியர்

நேராகத் துறை அலுவலகத்துக்குப் போய் உங்கள் பெயர் வருகைப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். வழி தெரியாவிட்டால் காவலாளியிடமோ அலுவலக உதவியாளரிடமோ கேளுங்கள். வழி கேட்கிற சாக்கில் மாணவர் கூட்டத்திடம் போகாதீர்கள். "வா தம்பி, நான் காட்டுறேன்" என்று கூட்டிப்போவதுதான் தனியாகப் பிரித்தெடுக்க எளிய வழி.

துறைக்கு முதலில் போவதில் இன்னொரு பயனும் உண்டு. உங்களை ஓர் ஆசிரியர் பார்த்துவிட்டார், பெயரைப் பட்டியலில் குறித்துவிட்டார். அதன் பிறகு பத்தரை மணிக்கு வகுப்பில் நீங்கள் இல்லையென்றால், இல்லை என்பது யாருக்காவது தெரியும்.

போகிற வழியில் அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். ராகிங் தடுப்புக் குழு உறுப்பினர்களின் பெயரும் எண்ணும் ஒட்டியிருக்க வேண்டும். படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் வகுப்பில் சேர்ந்த இரண்டு பேரைப் பிடியுங்கள். சீனியரைப் பார்க்கப் போகும்போது மூன்று பேராகப் போவதுதான் சரியான எண்ணிக்கை. தனியாக நிற்பவரைக் கேலி செய்வது எளிது. ஏழெட்டுப் பேர் சேர்ந்து போனால் கூட்டம் சேர்த்துக்கொண்டு வந்ததாகத் தெரியும்.

5. வணக்கம் சொல்லும் வரிசை

முதல் இடைவேளை நல்ல நேரம். கேன்டீன் வாசல், நூலகப் படிக்கட்டு, துறை வராண்டா ஆகியவை நல்ல இடங்கள். வளாகத்துக்குப் பின்னால் உள்ள கருவேலங்காடு, மைதானத்து மூலை, கழிவறைப் பக்கம், வண்டி நிறுத்துமிடத்தின் கடைசி வரிசை ஆகியவை ஆகாத இடங்கள். இந்தப் பகுதிக் கல்லூரிகள் பலவும் ஊருக்கு வெளியே ரோட்டோரம், சுற்றிலும் சீமைக்கருவேலம் மண்டிய நிலத்தில் இருக்கின்றன. பத்தடி உள்ளே போனால் வெளியிலிருந்து ஆள் தெரியாது.

உங்கள் துறையின் இரண்டாமாண்டு மாணவர்களைத் தேர்ந்தெடுங்கள். போன வருடம் உங்கள் இடத்தில் இருந்தவர்கள் அவர்கள். பழைய வினாத்தாளும் புத்தகமும் அவர்களிடம்தான் இருக்கும். மூன்றாமாண்டு மாணவர்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டு கை தூரத்தில் நில்லுங்கள். அதைவிட நெருங்கினால் தோளில் கைபோட வசதியாகிவிடும், தள்ளி நின்றால் "இங்க வா" என்று அழைக்கும்படி ஆகும். முகத்தைப் பார்த்து "வணக்கம்ணே" அல்லது "வணக்கம்க்கா" என்று சொல்லுங்கள். பிறகு பெயர், துறை, ஆண்டு. அதன்பின் ஒரே ஒரு கேள்வி. பதில் வந்ததும் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். எல்லாம் சேர்ந்து ஒரு நிமிடத்துக்குள் முடிய வேண்டும்.

அந்தக் கேள்விதான் இதில் முக்கியம். "ஆங்கிலப் பேப்பருக்கு எந்தப் புக்குண்ணே வாங்கணும்?", "நூலக அட்டை எங்கக்கா கொடுப்பாங்க?" என்பதுபோல், பதில் உண்மையிலேயே உங்களுக்குத் தேவைப்படுகிற கேள்வியாக இருக்கட்டும். உதவி கேட்கப்பட்டவருக்கு உங்களை மிரட்டத் தோன்றுவது குறைவு. பதில் சொன்னவர் மறுநாள் "புக்கு வாங்கிட்டியா?" என்று தானாகவே கேட்பார்.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறுகள் இரண்டு. சீனியர்கள் சாப்பிட்டுக்கொண்டோ, தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டோ இருக்கும்போது நடுவில் போய் நிற்பது ஒன்று. பேச்சு நன்றாகப் போகிறதே என்று இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிடுவது இன்னொன்று. முதல் இரண்டு நிமிடம் அன்பாக இருந்த கூட்டம், பேச விஷயம் தீர்ந்ததும் "சரி, ஒரு பாட்டுப் பாடு" என்று தொடங்கும். பேச்சு நன்றாக இருக்கும்போதே கிளம்புவதுதான் நல்லது.

மாணவிகள் முதலில் சீனியர் மாணவிகளைப் பார்ப்பது நல்லது. எந்தப் பஸ்ஸில் வருவது, எந்தப் பக்க வழியில் போகக் கூடாது, எந்த வராண்டாவில் யார் நிற்பார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். சீனியர் மாணவர் முன்வந்து பேசினால், நடந்துகொண்டே பதில் சொல்லுங்கள். நின்றுவிட்டால் பேச்சு நீளும்.

6. எப்படி அழைப்பது

இந்தப் பக்கத்தில் யாருக்கும் பொருந்தும் சொல் "அண்ணே", "அக்கா". பேச்சில் "சரிண்ணே", "இல்லக்கா" என்று இயல்பாக வரும். உங்களைவிட ஒரு வயதுதான் மூத்தவர் என்றாலும் அப்படியே சொல்லுங்கள்.

"சார்", "மேடம்" என்று அழைக்கச் சில சீனியர்கள் சொல்வார்கள். அதைப் பழக்கமாக்க வேண்டாம். ஆசிரியருக்கு உரிய அழைப்பை மாணவருக்குக் கொடுத்தால், அடுத்து ஆசிரியருக்கு உரிய அதிகாரமும் அவர் கைக்கு வந்துவிட்டதாக நினைத்துக்கொள்வார். "எங்க ஊருல மூத்தவங்கள அண்ணேனுதாண்ணே சொல்லுவோம்" என்று சிரித்தபடி சொன்னால் மரியாதையும் குறையாது, கட்டளைக்கும் இடமிருக்காது.

கீழக்கரைப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் மூத்தவரைக் "காக்கா" என்பார்கள். அந்தப் பேச்சில் வளர்ந்தவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளட்டும். வெளியூரிலிருந்து வந்தவர் முதல் நாளே அதைச் சொல்லிப் பார்த்தால் கிண்டலாக எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. சலாம் சொன்னவருக்குப் பதில் சலாம் சொல்லத் தெரிந்தால் சொல்லுங்கள், தெரியாவிட்டால் "வணக்கம்ணே" என்பதே போதும். "மாப்ள", "மச்சான்", "பங்காளி" எல்லாம் ஒரே வகுப்புக்காரர்கள் பழகிய பிறகு வரும் சொற்கள். சீனியரிடம் வேண்டாம்.

7. "எந்த ஊரு? எந்தத் தெரு?"

"எந்த ஊரு?" என்பது இங்கே யாரும் யாரிடமும் கேட்பது. தயங்காமல் சொல்லுங்கள். அதிலேயே "எங்க அத்தை ஊரு பக்கத்துலதான்" என்று உறவு பிறந்துவிடும்.

"எந்தத் தெரு?", "யார் வீட்டுப் பையன்?", "அங்க எந்தப் பக்கம்?" என்று அடுத்தடுத்து வரும்போது கவனமாக இருங்கள். நம் ஊர்களில் தெருவைச் சொன்னால் சாதியைச் சொன்ன மாதிரி. கேட்பவருக்கு வேண்டியதும் பெரும்பாலும் அதுதான். முதல் தடவை ஒரு பொது இடத்தைப் பதிலாகச் சொல்லுங்கள்: "பஸ் ஸ்டாப் பக்கத்துலதாண்ணே", "ஸ்கூலுக்குப் பின்னாடிண்ணே". சொன்ன கையோடு நீங்கள் ஒரு கேள்வி கேளுங்கள்: "நீங்க எந்த பஸ்ஸுலண்ணே வர்றீங்க?" பாதி நேரம் பேச்சு அதோடு வேறு பக்கம் திரும்பிவிடும்.

மறுபடியும் அதே கேள்வி வந்தால் பொய் சொல்லாதீர்கள். பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் வகுப்பில் இருப்பார், இரண்டு நாளில் உண்மை தெரிந்துவிடும், பிறகு பொய் சொன்னதே பேச்சாகிவிடும். "அதெல்லாம் எதுக்குண்ணே, நான் பிகாம் ஃபர்ஸ்ட் இயர், அவ்வளவுதாண்ணே. வகுப்புக்கு நேரமாச்சு" என்று சொல்லிக் கிளம்புங்கள். குரல் உயர வேண்டாம், முகம் கடுக்கவும் வேண்டாம்.

சாதி, மதம், நிறம், பிறந்த ஊர், வசிக்கும் இடம், பொருளாதார நிலை இவற்றை வைத்து ஒருவரை இழிவாகப் பேசுவதோ துன்புறுத்துவதோ ராகிங்தான் என்று யூஜிசி 2016இல் விதியிலேயே சேர்த்திருக்கிறது. "கடக்கரைப் பய", "மீன் நாத்தம்" என்று மீனவர் வீட்டுப் பிள்ளைகளைச் சொல்வதும் இதற்குள் வரும். விளையாட்டுக்குச் சொன்னேன் என்பது பதிலாகாது.

8. ஒரு சந்திப்பை முழுதாகப் பார்ப்போம்

மண்டபம் பக்கத்து மீனவர் குடியிருப்பிலிருந்து ஒரு மாணவர் பிகாம் முதலாமாண்டு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வயது 17. பஸ்ஸில் நடுவில் நிற்கிறார். பின்சீட்டிலிருந்து குரல் வருகிறது.

"டேய், புதுசா? இங்க வா."

பஸ் ஓடும்போது பின்னால் போகத் தேவையில்லை. ஆனால் காதில் விழாததுபோல் நின்றால் பகை தொடங்கிவிடும். திரும்பிப் பார்த்துக் கையை உயர்த்தி, "வணக்கம்ணே. கூட்டமா இருக்கு, எறங்குனதும் வர்றேண்ணே" என்கிறார். கூப்பிட்டதற்கு மரியாதை கிடைத்துவிட்டது, இடத்தை மட்டும் அவர் மாற்றிவிட்டார்.

இறங்கியதும் சொன்னபடி நிற்கிறார். இது முக்கியம். வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஓடினால் மறுநாள் அதே பஸ்ஸில் இரட்டிப்பாகத் திரும்பிவரும். நிற்பது கேட்டுக்கு எதிரே டீக்கடை வாசலில், கடைக்காரர் பார்க்கும்படி. கூட உச்சிப்புளியில் ஏறிய இன்னொரு புது மாணவரையும் நிற்கச் சொல்லியிருக்கிறார்.

"வணக்கம்ணே. பிகாம் ஃபர்ஸ்ட் இயர்" என்று சொல்லித் தன் பெயரையும் சொல்கிறார். "நீங்க எந்த டிப்பார்ட்மென்ட்ணே?"

"நாங்க கேக்கறதுக்குப் பதில் சொல்லு. எந்தத் தெரு?"

"மண்டபம்ணே, ரயில்வே ஸ்டேஷனத் தாண்டி. அக்கவுன்ட்ஸுக்கு யாருண்ணே வகுப்பெடுக்குறாங்க?"

இரண்டு சீனியரில் ஒருவர் பதில் சொல்லத் தொடங்கிவிடுகிறார். மற்றவர் விடவில்லை. "டீ வாங்கிக் குடு."

இங்கே பல பேர் காசை எடுத்து நீட்டிவிடுவார்கள். ஒரு டீ பத்துப் பதினைந்து ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் கேட்டதும் காசு எடுத்த கையை அடுத்த வாரமும் கேட்பார்கள், தொகை மட்டும் கூடும். புதுசாக வந்தவரிடம் காசு பிடுங்குவதும் விதிப்படி ராகிங்தான். நம் மாணவர் சொல்கிறார்: "பஸ் காசு அளந்துதாண்ணே வீட்டுல குடுப்பாங்க. இன்னொரு நாளைக்கு எல்லாரும் சேர்ந்து குடிப்போம்ணே. பிரின்சிபால் மீட்டிங் இருக்கு, வர்றேண்ணே."

சொல்லி முடித்ததும் நடக்கத் தொடங்குகிறார். அனுமதி கிடைக்கட்டும் என்று காத்து நிற்கவில்லை. "போகட்டுமாண்ணே?" என்று கேட்டிருந்தால் "வேண்டாம்" என்ற பதிலுக்கு வழி விட்டிருப்பார். அதற்காகத்தான் "வர்றேண்ணே" என்று முடித்தார்.

மத்தியானம் கேன்டீனில் அதே சீனியர்களைப் பார்த்தால் அவரே முதலில் தலையசைக்க வேண்டும். காலையில் மறுத்ததற்குக் கோபம் இல்லை என்பதை அந்தத் தலையசைப்பு சொல்லிவிடும். மறுத்தபின் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதால்தான் சின்ன விஷயம் பெரிதாகிறது.

9. விளையாட்டு எங்கே முடிகிறது

பெயர் கேட்பது, ஊர் கேட்பது, எந்தப் பள்ளி என்று கேட்பது எல்லாம் பேச்சுதான். நாலு பேர் முன்னால் பாடச் சொன்னால் உங்களுக்குப் பாட விருப்பமிருந்தால் பாடலாம், இல்லையென்றால் இல்லை என்று சொல்லலாம். "இல்லண்ணே" என்ற சொல்லுக்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதைப் பாருங்கள். சிரித்துவிட்டு விட்டுவிட்டால் அது பேச்சு. வழியை மறித்தால், போனைப் பிடுங்கினால், உடம்பைத் தொட்டால், சட்டையைக் கழற்று, மண்டியிடு, அந்தப் பெண்ணிடம் போய் இதைச் சொல் என்று வந்தால் அது ராகிங். தன் ரெக்கார்டு நோட்டை எழுதித் தரச் சொல்வதும் விதியில் ராகிங்தான்.

ஒரு குழப்பம் எல்லோருக்கும் வரும். நான் முதலில் ஒத்துக்கொண்டேனே, இப்போது எப்படிப் புகார் சொல்வது என்று தயங்குவார்கள். பயத்தில் ஒத்துக்கொண்டது சம்மதம் ஆகாது. இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு மூன்றாவதில் கிளம்பலாம், பாதிப் பாட்டில் நிறுத்திவிட்டும் கிளம்பலாம்.

எந்த அழைப்பாக இருந்தாலும் இடம் மாறாதீர்கள். இந்தக் கடற்கரையில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. "வெல்கம் பார்ட்டி, அரியமான் போவோம்", "தனுஷ்கோடி போயிட்டு வருவோம்" என்று முதல் வாரமே வண்டியில் ஏற்றுவார்கள். தனுஷ்கோடிக் கடலில் நீரோட்டம் வலுவானது, அங்கே குளிப்பது ஆபத்து. பஸ் குறைவு. கூட்டிப்போனவர் விட்டுவிட்டு வந்தால் திரும்ப வழி இல்லை. ஆசிரியர் கூட வராத, வீட்டுக்குத் தெரியாத எந்தக் கடற்கரைப் பயணமும் முதல் மாதம் வேண்டாம். "அப்பா விடமாட்டாருண்ணே" என்பது போதுமான காரணம். அப்பாவிடமும் அதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள், சீனியர் போன் செய்து கேட்டாலும் அதே பதில் வரட்டும்.

10. போன் நம்பரும் வாட்ஸாப் குழுவும்

முதல் நாள் நம்பர் கேட்டால், "கிளாஸ் குரூப்புல சேர்ந்துட்டுச் சொல்றேண்ணே" என்று தள்ளிப்போடுங்கள். வகுப்பு ஆசிரியர் இருக்கிற குழுவில் மட்டும் முதலில் சேருங்கள். சீனியர்கள் மட்டும் நடத்தும் குழுவில் சேர்த்துவிட்டால், அங்கே ராத்திரி பன்னிரண்டு மணிக்கு உத்தரவு வரும், பதில் போடாதவரைப் பெயர் சொல்லித் திட்டுவார்கள். இப்படிக் குழு தொடங்கிப் புது மாணவர்களைத் துன்புறுத்துவதும் ராகிங்தான் என்று யூஜிசி 2025இல் தெளிவாகவே சொல்லியிருக்கிறது.

அப்படி ஒரு குழுவில் சேர்க்கப்பட்டிருந்தால் உடனே வெளியேறாதீர்கள். முதலில் பேச்சையும் உறுப்பினர் பட்டியலையும் நாள், நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வீட்டில் ஒருவருக்கு அனுப்புங்கள், பிறகு வெளியேறுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுக்குமுன் அனுப்பியவர் செய்தியை அழித்துவிட்டால் உங்கள் கையில் ஆதாரம் இருக்காது.

மாணவிகள் வாட்ஸாப் முகப்புப் படம் தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரியும்படி அமைப்பை மாற்றுங்கள். இன்ஸ்டாகிராம் கணக்கைத் தனிப்பட்டதாக ஆக்கிவிடுங்கள். முதல் நாளுக்கு முன்பே செய்ய வேண்டியது இது. பெயர் தெரிந்த அரை மணி நேரத்தில் தேடிப் பார்ப்பார்கள்.

11. விடுதியில் தங்குபவர்களுக்கு

பகலில் நன்றாகப் பேசியவரே ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு "ரூமுக்கு வா" என்பார். அந்த அழைப்பு எவ்வளவு அன்பாக வந்தாலும், முதல் சில வாரங்கள் சீனியர் அறைக்குப் போக வேண்டாம். "காலைல மெஸ்ஸுல பாக்குறேண்ணே" என்று சொல்லிவிடுங்கள். முதலாமாண்டு மாணவர்களுக்குத் தனித் தொகுதி கேளுங்கள், முடிந்தவரை அப்படிக் கொடுக்க வேண்டும் என்று விதியிலேயே இருக்கிறது. அறைத் தாழ்ப்பாள் வேலை செய்கிறதா என்று சாமான் இறக்கும்போதே, அப்பா அம்மா கூட இருக்கும்போதே பாருங்கள். பழுதென்றால் அவர்கள் கிளம்புமுன் வார்டனிடம் சொன்னால் அன்றே சரியாகும்.

வீட்டுக்கு ராத்திரி ஒன்பது மணிக்குப் பேசுவதாக நேரம் குறித்துக்கொள்ளுங்கள். அம்மாவோடு ஒரு சொல்லையும் பேசி வைத்துக்கொள்ளலாம். "தாத்தாவுக்கு மருந்து வாங்கியாச்சா?" என்று நீங்கள் கேட்டால், பக்கத்தில் ஆள் இருக்கிறார், உடனே வார்டனுக்குப் போன் போடுங்கள் என்று அர்த்தம்.

12. மீறி நடந்துவிட்டால்

முதலில் அந்த இடத்தை விட்டு ஆட்கள் இருக்கும் இடத்துக்குப் போங்கள். வாக்குவாதமும் வேண்டாம், கைகலப்பும் வேண்டாம். திருப்பி அடித்துவிட்டால் ராகிங் புகார் இருதரப்புச் சண்டை ஆகிவிடும்.

அடுத்து வீட்டுக்குச் சொல்லுங்கள். பிறகு அன்றைக்கே தாளில் எழுதுங்கள்: தேதி, நேரம், இடம், யார் யார், சொன்ன சொற்கள் அப்படியே, பார்த்தவர்கள் யார். பெயர் தெரியாவிட்டால் துறை, சட்டை நிறம், வண்டி எண் போதும். மறுநாள் எழுதினால் நேரமும் சொற்களும் மாறிப்போகும். அதைத் துறைத் தலைவரிடமோ முதல்வரிடமோ கொடுத்து, நகலில் தேதியுடன் கையெழுத்து வாங்குங்கள். வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வருவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. ஒரு வாரம் கழித்து "யாரும் எழுதிக் கொடுக்கலையே" என்று சொல்லிவிட முடியும்.

கல்லூரியில் சொல்லப் பயமாக இருந்தால் 1800-180-5522க்குப் பேசுங்கள், அல்லது helpline@antiragging.in முகவரிக்கு எழுதுங்கள். உங்களுக்குப் பதிலாக அப்பாவோ நண்பரோகூடச் சொல்லலாம். அடி, மிரட்டல், பாலியல் தொல்லை என்றால் காத்திருக்க வேண்டாம், 112க்குப் போன் செய்யுங்கள். பெண்களுக்கு 181, 18 வயது நிறையாதவர்களுக்கு 1098 எண்களும் உண்டு. முதலாமாண்டு மாணவர்களில் பலருக்கு 17 வயதுதான் என்பதால் கடைசி எண் உங்களுக்கும் பொருந்தும்.

தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் 1997இன்படி ராகிங் செய்தவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். தண்டனை பெற்றவர் கல்லூரியிலிருந்து நீக்கப்படுவார், வேறு கல்லூரியிலும் சேர முடியாது. இதை முதல் சந்திப்பிலேயே சீனியரிடம் சொல்லி மிரட்ட வேண்டாம். நட்பாக வந்தவரும் விலகிப் போவார். புகார் எழுதும்போது பயன்படட்டும்.

புகார் கொடுத்த மறுநாள் கல்லூரிக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். இரண்டு வகுப்புத் தோழர்களோடு, வழக்கமான பஸ்ஸில், முன்பக்கம் ஏறுங்கள். முடிந்தால் முதல் வாரம் வீட்டில் ஒருவர் பஸ் ஸ்டாப் வரை வந்து ஏற்றிவிடட்டும். "புகாரைத் திரும்ப வாங்கிக்க, பேசித் தீத்துக்கலாம்" என்று சீனியரின் உறவினரோ ஊர்ப் பெரியவரோ வீட்டுக்கு வந்தால், "காலேஜ்லதான் கேக்கணும், எங்க கையில இல்ல" என்று அப்பா அம்மா சொல்லட்டும். வந்தவர் பெயரையும் நேரத்தையும் அதே தாளின் கீழே எழுதி வையுங்கள்.